பழைய சிடியில் பாதரசம்

சிடித் துண்டையும் அட்டைப்பெட்டியையும் வைத்துச் செய்யும் நிறமாலைப் பெட்டி பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்குப் புதிதல்ல. நடுவர் எட்டிப் பார்ப்பார், வானவில் தெரியும், "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போவார். அந்தப் பெட்டியைச் செய்த மாணவரும் அதற்குமேல் எதையும் பார்த்திருக்க மாட்டார். எனக்கு அதில்தான் வருத்தம். வானவில்லை மழைக்குப் பின் வானத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பெட்டியில் பார்க்க வேண்டியது நிறங்கள் இல்லாத இடங்களை. எந்த விளக்கில் எந்த நிறம் இல்லை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேட ஆரம்பித்தால் அதன்பின் ஆசிரியருக்கு அதிக வேலை இல்லை.

பெட்டிக்கு முன் துண்டில் இருந்து தொடங்குகிறேன். வகுப்பிலும் அப்படித்தான்.

எழுதக்கூடிய சிடியாக இருந்தால் நல்லது. கல்யாண வீடியோக் கடைக்காரர்கள் பதிந்து கொடுத்த சிடிகள் ஏறக்குறைய எல்லா வீட்டுப் பரணிலும் கிடக்கின்றன. போட்டுப் பார்க்கும் பெட்டி எந்த வீட்டிலும் இல்லை. (வெட்டுவதற்கு முன் வீட்டில் கேட்டுவரச் சொல்வது என் வழக்கம். ஒரு பையன் அப்பா அம்மா கல்யாணச் சிடியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மறுநாள் அவன் பாட்டி வந்து வாங்கிப் போனார்.) எழுதக்கூடிய சிடியின் மேல்பக்கத்தில் கத்தி முனையால் ஒரு கீறல் போட்டு, பார்சல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தால் வெள்ளி நிறப் படலம் டேப்போடு வந்துவிடும். மிச்சம் நிற்பது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தட்டு. அதில் பச்சையாகவோ நீலமாகவோ சாயம் ஒட்டியிருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தால் போய்விடும். கடையில் விற்ற பாட்டுச் சிடிகளில் படலம் இவ்வளவு சுலபமாக உரியாது.

டிவிடி வேண்டாம். விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் டிவிடி இரண்டு தகடுகளை ஒட்டியது என்று தெரியும், நடுவே ஒரு கோடு ஓடும். சிடியில் அந்தக் கோடு இல்லை. ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் வரிகளின் நெருக்கம். சிடியில் வட்ட வட்டமாக ஓடும் வரிகள் ஒன்றுக்கொன்று 1.6 மைக்ரோமீட்டர் தள்ளி இருக்கின்றன, டிவிடியில் 0.74 தான். வரி நெருங்க நெருங்க நிறங்கள் அதிகமாக விலகிப் போகும். டிவிடித் துண்டை வைத்தால் பச்சையே ஏறக்குறைய 48 டிகிரி பக்கவாட்டில் போய் நிற்கும். பிள்ளைகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் "ஒண்ணுமே தெரியல டீச்சர்" என்பார்கள். சிடியில் ஊதா 15 டிகிரிக்கருகில் தொடங்கி சிவப்பு 26 டிகிரிக்குள் முடிந்துவிடும். கண்ணைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் போதும்.

வெட்டும் வேலை என்னுடையது. வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, நல்ல கத்தரிக்கோலால் வெட்டினால் விரிசல் விடுவது குறைகிறது. வெளி விளிம்பை ஒட்டிய பகுதியில் இருந்து இரண்டு சென்டிமீட்டர் சதுரங்கள் எடுக்கிறேன். அங்கே வரிகளின் வளைவு குறைவு, சிறு துண்டில் நேர்க்கோடு என்றே வைத்துக்கொள்ளலாம். வெட்டுவதற்கு முன்பே, நடுத்துளையில் இருந்து விளிம்பை நோக்கி ஒவ்வொரு துண்டிலும் மார்க்கரால் ஓர் அம்புக்குறி போட்டுவிட வேண்டும். வெட்டி முடித்த சதுரத்தில் வரிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பெட்டி வேலை செய்வதும் செய்யாததும் அந்த அம்புக்குறியில் இருக்கிறது.

இனி பெட்டி ஏதும் இல்லாமல், வெறும் துண்டைக் கண்ணருகில் பிடித்து, எரிகிற சிஎஃப்எல் விளக்கைப் பார்க்கச் சொல்கிறேன். சுருள் விளக்கு என்றால் இன்னும் நல்லது. வகுப்பறையில் கூச்சல் எழும் முதல் இடம் இதுதான்.

"டீச்சர், பல்பு மூணா நிக்குது!"

"மூணு இல்லடி, இந்தப் பக்கமும் இருக்கு பாரு!"

நடுவில் வெள்ளை விளக்கு. அதற்கு வலப்பக்கம் நீலத்தில் ஒரு முழு விளக்கு, சற்றுத் தள்ளிப் பச்சையில் ஒன்று, அதையும் தாண்டிச் சிவப்பில் ஒன்று, இடையில் மங்கலாகச் சில. இடப்பக்கமும் அதேபோல். சுருள் தெரிகிறது, பிடி தெரிகிறது, ஒவ்வொன்றும் ஒரே நிறத்தில் வரைந்த தனி விளக்கு. அதே துண்டால் எல்இடி பல்பைப் பார்த்தால் இந்த வரிசை இல்லை. நிறங்கள் ஒன்றோடொன்று இழுபட்டுத் தேய்ந்த பட்டையாக நிற்கின்றன. இரண்டும் வெள்ளை வெளிச்சம்தானே, இது மட்டும் ஏன் தனித்தனியாக நிற்கிறது என்று யாராவது கேட்பார்கள். கேட்காத வகுப்பு எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. பதிலை நான் உடனே சொல்வதில்லை. அளந்து பார்க்கலாம் என்கிறேன்.

அளப்பதற்கு ஒரு டேப்பும் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பிதாகரஸ் தேற்றமும் போதும். சிஎஃப்எல் விளக்கைக் கரும்பலகையை ஒட்டி, பிள்ளைகளின் கண் உயரத்தில் நிறுத்தி வைத்தோம். அதற்கு நேர் எதிரே சரியாக 200 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பெண் நின்றாள். துண்டு விளக்குக்கு முகம் காட்டி நேராக இருக்க வேண்டும், சாய்க்கக் கூடாது. அவளுக்குத் தெரிகிற பச்சை விளக்கு கரும்பலகையின்மேல் எங்கோ நிற்பது போலத் தோன்றும். இன்னொருவன் கரும்பலகையோரம் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தான். "இன்னும் போ, இன்னும், ஆங், நில்லு!" என்றதும் அங்கே ஒரு கோடு போட்டான். விளக்கில் இருந்து அந்தக் கோடு 73 சென்டிமீட்டர்.

200, 73 இரண்டும் செங்கோணத்தின் பக்கங்கள், கர்ணம் ஏறக்குறைய 213. 73-ஐ 213-ஆல் வகுத்து 1600-ஆல் பெருக்கினால் 548 வருகிறது. 1600 என்பது சிடி வரிகளுக்கு இடையிலான தூரம், நானோமீட்டரில். வந்த விடை பச்சை ஒளியின் அலைநீளம். பாதரச ஆவி வெளிவிடும் பச்சைக் கோட்டின் அலைநீளம் 546 நானோமீட்டர். சிவப்புக்கு 83 சென்டிமீட்டர், விடை 613. குழாயின் உட்பூச்சில் இருக்கும் யூரோப்பியம் தருவது 611. நீலத்துக்கு 57, விடை 439. பாதரசத்தின் நீலக் கோடு 436. சைன், காஸ் எதுவும் இல்லாமல், குப்பையில் இருந்து எடுத்த ஒரு துண்டால் இவ்வளவு நெருங்கிவிடலாம். ஏதாவது அளவில் பத்து இருபது நானோமீட்டர் பிசகு வந்தால் பெரும்பாலும் துண்டு சாய்ந்திருக்கும், அல்லது கண்ணுக்கும் கரும்பலகைக்கும் இடையே அளக்காமல் கால் விரலில் இருந்து அளந்திருப்பார்கள்.

"அப்ப பல்புக்குள்ள பாதரசம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டான் சாக்பீஸ் பிடித்தவன். இருக்கிறது, சில மில்லிகிராம். அதனால்தான் எரிகிற விளக்கை மட்டும் இந்த வேலைக்கு எடுக்கிறேன், ஃபியூஸ் போனதையோ உடைந்ததையோ வகுப்புக்குக் கொண்டுவர விடுவதில்லை. உடைக்காமல், திறக்காமல், இரண்டு மீட்டர் தள்ளி நின்று உள்ளே இருக்கும் பொருளின் பெயரைச் சொல்ல முடிகிறதே என்பதில் அவர்களுக்கு வந்த பெருமிதம் அன்று முழுவதும் அடங்கவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்த தமிழய்யாவிடமும் துண்டைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்குப் பிறகுதான் பெட்டி. விளக்கு தனியாக, சிறியதாக இருந்தால் வெறும் துண்டே போதும். டியூப்லைட், வானம், அடுப்புத்தீ போன்ற அகலமான வெளிச்சங்களில் ஒவ்வொரு நிறத்திலும் விளக்கின் முழு உருவம் விழுவதால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடுகிறது. அதற்காக வெளிச்சத்தை ஒரு மெல்லிய கோடாக்கி உள்ளே விட வேண்டும். அந்தக் கோட்டின் நகல்கள்தான் நாம் பார்க்கும் நிறமாலைக் கோடுகள். இதை வாயால் விளக்குவதைவிட, பெட்டியின் வாயில் கோட்டுக்குப் பதில் சின்ன முக்கோணத் துளை போட்டு சிஎஃப்எல்லைப் பார்க்கச் சொல்லலாம். நீல முக்கோணம், பச்சை முக்கோணம், சிவப்பு முக்கோணம் என்று வரிசையாக நிற்கும். தன் பெயரின் முதலெழுத்தைத் துளையாக வெட்டிய பெண் ஒருத்தி அதைப் பல நிறங்களில் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

பெட்டிக்குப் பெரிய டூத்பேஸ்ட் அட்டை சரியாக இருக்கிறது, நீளம் 20 சென்டிமீட்டருக்கருகில் வரும். உட்புறம் வெள்ளையாகவோ வெள்ளிப் பளபளப்பாகவோ இருந்தால் சிதறும் வெளிச்சம் நிறங்களை வெளிறச் செய்துவிடும். அடுப்புக்கரியை நுணுக்கி மைதாப் பசையில் குழைத்து உள்ளே பூசிக் காயவைத்தோம். கறுப்புச் சார்ட் இருந்தால் அதை மடித்துச் செருகலாம். ஒரு முனையில் ஒரு சென்டிமீட்டர் துளை போட்டு அதன்மேல் சிடித் துண்டு. மறுமுனையில் பிளவு.

பிளவுதான் பெட்டியின் உயிர். புத்தகங்களில் பிளேடை இரண்டாக உடைத்து வைக்கச் சொல்கிறார்கள். நான் பிள்ளைகள் கையில் பிளேடு கொடுப்பதில்லை. பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டை விளிம்பு அச்சகத்து இயந்திரத்தில் வெட்டியது, பிசிறில்லாமல் நேராக இருக்கும். அப்படி இரண்டு விளிம்புகளை எதிரெதிரே வைத்து, நடுவில் நோட்டுத்தாள் இரண்டை மடிப்பில்லாமல் நிற்கவைத்து, விளிம்புகளைத் தாளோடு நெருக்கி டேப் ஒட்டிவிட்டுத் தாள்களை உருவினால் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கிறது. கண்ணால் பார்த்து ஒட்டியவர்கள் எல்லாருமே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விட்டுவிடுகிறார்கள். அது வானவில்லுக்குப் போதும், கோடுகளுக்குப் போதாது.

துண்டில் போட்ட அம்புக்குறி பிளவுக்குக் குறுக்காக நிற்க வேண்டும். பிளவு நெட்டுக்குத்தாக இருந்தால் அம்பு படுக்கையாக. தவறாக ஒட்டிவிட்டால், நிறங்கள் பக்கவாட்டில் வராமல் பிளவுக்கு மேலேயும் கீழேயும் நீண்ட வெளிறிய கீற்றாக வரும், ஓரங்களில் மட்டும் நிறம் தெரியும். துண்டை ஒட்டும் முன் விரலால் பிடித்துச் சுழற்றிப் பார்த்து, கோடுகள் கூர்மையாகும் நிலையில் டேப் போடுவதே நல்லது. பெட்டிக்குள் நேராகப் பார்த்தால் பிளவு மட்டுமே தெரியும். நிறங்களுக்குப் பக்கச்சுவரைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் பாதி வகுப்பு பிளவையே முறைத்துக்கொண்டு நிற்கும்.

பெட்டி நன்றாக அமைந்ததா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. சிஎஃப்எல்லின் பச்சைக் கோட்டை உற்றுப் பார்க்க வேண்டும். பிளவு மெல்லியதாக இருந்தால் அது ஒன்றல்ல, ஒட்டி நிற்கும் இரண்டு. ஒன்று பாதரசத்தின் 546, மற்றது பூச்சில் உள்ள டெர்பியத்துடையது, நாலைந்து நானோமீட்டர் உள்ளே. பச்சை இரண்டாகத் தெரிந்த பெட்டிக்காரர்களுக்கு அன்று வகுப்பில் தனி மரியாதை. தெரியாதவர்கள் யாரும் சொல்லாமலே பிளவைப் பிரித்து மறுபடி ஒட்டினார்கள்.

ஒரு விதி மட்டும் கண்டிப்பு: சூரியனை நோக்கி யாரும் பெட்டியைத் திருப்பக் கூடாது. வெள்ளை மேகத்தையோ வெயில் விழும் சுண்ணாம்புச் சுவரையோ பார்த்தால் போதும், அதுவும் சூரிய ஒளிதான்.

பெட்டிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, பார்த்த விளக்கையெல்லாம் கலர் பென்சிலால் ஒரு பட்டையாக வரைந்துவரச் சொன்னேன். பெயரெழுத வேண்டாம், வெறும் பட்டை போதும், எது எந்த விளக்கு என்று வகுப்பு கண்டுபிடிக்கட்டும். குண்டு பல்பு இருந்த வீடுகளில் இருந்து இடைவெளியே இல்லாத பட்டைகள் வந்தன. மெழுகுவர்த்தியும் அப்படியே, நீலம் மட்டும் மங்கல். எல்இடி வரைந்தவர்களில் கவனமானவர்கள் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஓர் இருண்ட பள்ளத்தை வரைந்திருந்தார்கள். எல்இடிக்குள் இருப்பது நீல ஒளி தரும் சில்லு, அதன்மேல் மஞ்சள் பூச்சு. சில்லின் நீலம் முடிந்து பூச்சின் பச்சை தொடங்கும் முன் ஓர் இடைவெளி விழுகிறது. தன் வீட்டு வெள்ளை விளக்கு உண்மையில் ஒரு நீல விளக்கு என்று தெரிந்தபோது ஒருவன், "அப்ப கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" என்று கேட்டான். சிரித்து முடித்து, எல்இடி மேலிருக்கும் மஞ்சள் பொட்டைக் காட்டினேன்.

சத்துணவுக்கூடத்தில் நடந்தது நான் திட்டமிடாதது. சாம்பார் பொங்கி அடுப்பில் வழிய, கேஸ் தீ மஞ்சளாகச் சீறியது. வாசலில் தட்டோடு நின்றவள் பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்: "டீச்சர், தீயில ஒரே ஒரு மஞ்சக் கோடு! வேற எதுவுமே இல்ல!" உப்பில் இருக்கும் சோடியம், 589 நானோமீட்டர். மறுநாள் மேசைமேல் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, உப்புநீரில் தோய்த்த கம்பியை நானே தீயில் காட்டி எல்லாரையும் பார்க்க வைத்தேன். அது உண்மையில் 589.0, 589.6 என்ற இரட்டைக் கோடு. அட்டைப்பெட்டியால் அதைப் பிரிக்க முடியாது, பச்சையைப் பிரித்த பெட்டியாலும் முடியாது. பிள்ளைகள் முயன்று பார்த்தார்கள், ஒற்றைத் தாள் அளவுக்குப் பிளவைக் குறுக்கினார்கள். கோடு மெலிந்தது, வெளிச்சமும் போனது. அந்த எல்லையை அவர்களே தொட்டுப் பார்த்துவிட்டதால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சோடியத்தின் மஞ்சளைத் தெரிந்துகொண்ட கையோடு ஒருவன் ரைஸ்மில் வாசலில் எரியும் பழைய சோடியம் விளக்கைப் பார்த்து வந்தான். தெருவிளக்குகள் எல்லாம் எல்இடிக்கு மாறிவிட்டன, அது ஒன்றுதான் எங்கள் பக்கம் மிச்சம். அவன் வரைந்த பட்டையில் ஆரஞ்சும் பச்சையும் கலந்த அகலமான வெளிச்சம் இருந்தது, அதன் நடுவே, மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கறுப்புக் கோடு. மற்றவர்கள் அவன் தப்பாக வரைந்துவிட்டான் என்றார்கள். மஞ்சள் விளக்கில் மஞ்சள் மட்டும் இல்லாமல் போகுமா? அவன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அன்று சாயங்காலம் நாலைந்து பேரும் அவனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இல்ல டீச்சர், நெஜமாவே கறுப்பு" என்றார்கள்.

அவன் வரைந்தது சரி. அந்த விளக்கின் குழாயில் நடுவில் சோடிய ஆவி கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இருக்கிறது. அங்கிருந்து வரும் மஞ்சள், 589-இன் இருபுறமும் பரந்துவிடுகிறது. குழாய்ச் சுவரை ஒட்டிய சற்றே குளிர்ந்த சோடிய ஆவி, வெளியே போகும் ஒளியில் தனக்குரிய அந்த ஒரு மஞ்சளை மட்டும் பிடித்து விழுங்கிவிடுகிறது. அடுப்பில் எந்த இடத்தில் வெளிச்சக் கோடு நின்றதோ அதே இடத்தில் இங்கே இருட்டுக் கோடு. பட்டைகள் இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்று ஒட்டியபோது அந்தப் பையனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சூரிய ஒளியிலும் இதே கதைதான். 1814-இல் ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் சூரிய நிறமாலையில் நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகளைக் குறித்து, முக்கியமானவற்றுக்கு எழுத்துகளால் பெயர் வைத்தார். சோடியக் கோட்டுக்கு அவர் வைத்த எழுத்து டி. நல்ல பிளவு கொண்ட எங்கள் பெட்டிகளில் வெயில் விழுந்த சுவரைப் பார்த்தபோது அந்தக் கோடுகளில் ஓரிரண்டு மங்கலாகத் தெரிந்தன.

இந்த இடத்தில் 1868 ஆகஸ்ட் 18-ஐப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அன்றைய முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாகப் போனது. குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் பார்த்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் பார்த்தார். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு. அது சோடியக் கோட்டின் இடத்தில் நிற்கிறதா, அதற்கருகில் நிற்கிறதா என்ற ஐயத்தோடுதான் போக்சன் குறித்தார். அது சோடியம் அல்ல. அதே ஆண்டு பிற்பாடு இங்கிலாந்தில் லாக்யர் அந்தக் கோட்டைப் பார்த்தார், பின்னர் அது ஒரு புதிய தனிமத்துடையது என்ற முடிவுக்கு வந்தார். அந்தத் தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயர் வந்தது, பூமியில் அது கையில் கிடைத்ததோ 1895-இல். ஹீலியத்தின் மஞ்சள் 587.6. நம் அடுப்பின் மஞ்சளுக்கும் அதற்கும் இடையே இரண்டு நானோமீட்டர்கூட இல்லை.

"நம்ம பெட்டில பாத்திருந்தா சோடியம்னுதான் நெனைச்சிருப்போம்" என்றாள் பச்சையை இரண்டாகப் பார்த்த பெண். ஆமாம் என்றேன். "அப்ப இன்னும் நல்ல பிளவு வேணும்" என்றாள்.

இப்போது சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறது, பிள்ளைகள் தாங்களாகவே கொண்டுவரும் பட்டைகள் அதில் ஏறிக்கொண்டிருக்கின்றன. கடைசியாக வந்தது சுவிட்ச்போர்டில் கரண்ட் இருந்தால் எரியும் சிவப்பு இண்டிகேட்டர். விளக்கை அணைத்துவிட்டு, போர்டைத் தொடாமல் பார்த்து வரைந்தது. அதற்குள் இருந்த நியானுக்கு ஆரஞ்சிலும் சிவப்பிலும் நெருக்கநெருக்கமாகக் கோடுகள். வரைந்தவனிடம் சிவப்பு பென்சில் ஒன்றுதான் இருந்ததாம், அழுத்தியும் லேசாகவும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறான். பக்கத்து வீட்டில் புதிதாக மாட்டிய இண்டிகேட்டரில் கோடே இல்லை என்று கீழே குறிப்பும் எழுதியிருக்கிறான். அது எல்இடியாக இருக்கலாம் என்று வகுப்பில் ஒரு கட்சி, பெட்டி சரியில்லை என்று இன்னொரு கட்சி. திங்கட்கிழமை அவன் பெட்டியையும் பச்சையைப் பிரித்த பெட்டியையும் ஒன்றாக எடுத்துப் போய்ப் பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது.